ரீஃபண்டா, ஸ்டோர் கிரெடிட்டா? ஆன்லைன் துணிக்கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலைத்தளமும் வாட்ஸப்பும் வைத்துச் சேலை, சுடிதார் விற்கும் சின்னக் கடைகளுக்கு ஆர்டர் கணக்கும் ரீஃபண்டும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கடை மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் சொன்னபடியே கீழே போட்டிருக்கிறேன். சட்டமும் வங்கி நடைமுறையும் இந்தியாவுக்கு உரியவை.

கஸ்டமர் பணத்தைத் திருப்பிக் கேக்கறாங்க. எந்த வழியில அனுப்பறது?

பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில். கார்டில் கட்டியிருந்தால் அந்தக் கார்டுக்கு, யுபிஐயில் கட்டியிருந்தால் பணம் எடுக்கப்பட்ட அதே வங்கிக் கணக்குக்கு. ரிசர்வ் வங்கி பேமெண்ட் நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: ரீஃபண்ட் முதலில் பணம் வந்த வழியிலேயே போக வேண்டும், வேறு வழியில் போக வேண்டுமென்றால் வாடிக்கையாளர் அதற்குத் தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஸ்டோர் கிரெடிட்டும் ஒரு "வேறு வழி"தான்.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கே இதுதான் பாதுகாப்பு. கேட்வே வழியாகப் போகும் ரீஃபண்ட் பழைய பேமெண்டோடு கட்டப்பட்டிருக்கும். யார், எப்போது, எவ்வளவு கட்டினார், எவ்வளவு திரும்பியது என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரியும். நாளைக்கு "பணம் வரவேயில்லை" என்று ஒருவர் வங்கியில் புகார் கொடுத்தால் காட்ட ஆதாரம் இருக்கும். உங்கள் சொந்த ஜிபேயிலிருந்து அனுப்பினால் அந்த இரண்டும் தொடர்பில்லாத இரண்டு கணக்கு வரிகளாகத்தான் நிற்கும்.

பில்லுலயே "ரீஃபண்ட் கிடையாது, ஸ்டோர் கிரெடிட் மட்டும்"னு அடிச்சுட்டா போதாதா?

பொருள் எதற்காகத் திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்தது. சேலையில் கிழிசல், படத்தில் காட்டியது ஒன்று வந்தது வேறு, சொன்ன தேதியைத் தாண்டி வந்தது: இந்த மாதிரிக் காரணங்களுக்கு அந்த வரி செல்லாது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும் வெள்ளம், புயல் போலக் கடையின் கையில் இல்லாத காரணம் இருந்தால் விலக்கு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளை எடுக்க மறுப்பதையும், பில்லில் சொன்ன கெடுவுக்குள் பணம் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்.

பொருளில் ஒரு குறையும் இல்லை, "கலர் எனக்கு செட் ஆகலை" என்று திருப்பி அனுப்புகிறார் என்றால் அது வேறு. அங்கே கடையின் கொள்கை பேசலாம். ஸ்டோர் கிரெடிட் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பார்சலுக்குள் வரும் பில்லில் முதல்முறையாகப் படிக்கும் வரியை அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. செக்அவுட் பக்கத்தில், பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே ஒரு வரியாகப் போடுங்கள். வாட்ஸப்பில் விற்பவர்கள் யுபிஐ எண் அனுப்பும் மெசேஜிலேயே அதையும் எழுதிவிடுங்கள்.

அப்ப ஸ்டோர் கிரெடிட்டை எப்படித்தான் கேக்கறது? கேட்டா கோவிச்சுக்கறாங்க.

கேட்பதில் தப்பில்லை. பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்பது போலத் தெரிவதால்தான் கோபம் வருகிறது. "பணம் தர்றது கஷ்டம் மேடம், கிரெடிட்டா வெச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். இரண்டையும் ஒரே மெசேஜில், பணத்தை முதலில் வைத்து, ஒவ்வொன்றும் எப்போது கிடைக்கும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்:

"₹1,620-ஐ உங்கள் கார்டுக்கே திருப்பி அனுப்பலாம், ஜனவரி 28-க்குள் வரும். அல்லது எங்கள் கடையில் கிரெடிட்டாக வைத்துக்கொள்ளலாம், இன்றே பயன்படுத்தலாம், ₹100 கூடச் சேர்த்து ₹1,720 தருகிறோம். எது வேண்டும் என்று சொல்லுங்கள். நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் கார்டுக்கே அனுப்பிவிடுகிறோம்."

கடைசி வரிதான் இதில் முக்கியம். பதில் சொல்லாதவருக்குப் பணமே போக வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிரெடிட் போட்டுவிட்டால் அது தனிச் சம்மதம் ஆகாது. அவர் "கிரெடிட் ஓகே" என்று அனுப்பிய பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆர்டர் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். கூடுதல் தொகை கட்டாயமில்லை. ஆனால் பணத்தை உங்களிடம் விட்டு வைப்பவருக்கு ஏதாவது கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. வழக்கமாக வாங்கும் வாடிக்கையாளர்கள் அதை விரும்பியே எடுத்துக்கொள்கிறார்கள். குறையுள்ள பொருள் அனுப்பிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அங்கே முதலில் பணம், அப்புறம் மன்னிப்பு. கூப்பன் கொடுக்க வேண்டுமானால் தனியாகக் கொடுங்கள்.

கேட்வேயில ரீஃபண்ட் பட்டனை அழுத்திட்டேன். பணம் அப்பவே போயிடும்ல?

உங்கள் கையை விட்டுப் போகும், அவர் கைக்குப் போய்ச் சேராது. கார்டு என்றால் கேட்வே, உங்கள் தரப்பு வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அல்லது ரூபே வலைப்பின்னல், கார்டு கொடுத்த வங்கி என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் தன் கோப்பைத் தன் நேரத்தில்தான் அனுப்பும். அதனால்தான் கேட்வேக்கள் பொதுவாக 5 முதல் 7 வேலை நாள் என்கின்றன. யுபிஐ வேகம், அதே நாளிலோ அடுத்த நாளிலோ வந்துவிடுவதைப் பார்க்கலாம். ஆனாலும் சில சமயம் இழுக்கும், அதனால் யுபிஐக்கும் அதே வெளிக் கெடுவையே சொல்லுங்கள். சில கேட்வேக்களில் உடனடி ரீஃபண்ட் என்று தனிக் கட்டணத்துக்கு ஒரு வசதி உண்டு. எல்லா வங்கிக்கும் கார்டுக்கும் அது ஓடாது.

அதற்கும் முன்னால், பட்டன் நிஜமாகவே பணத்தை அனுப்பியதா என்று பாருங்கள். வூகாமர்ஸில் ரீஃபண்ட் பெட்டிக்குள் இரண்டு பட்டன் வரும். `Refund` என்று ஆரம்பித்து, தொகை வந்து, `manually` என்று முடிவது கணக்கில் மட்டும் குறித்துக்கொள்ளும், ஒரு ரூபாயும் போகாது. தொகைக்குப் பின் `via` என்று வந்து உங்கள் கேட்வே பெயரோடு முடிவதுதான் பணம் அனுப்பும். ஆர்டரின் நிலையை `Refunded` என்று மாற்றினாலும் பணம் போகாது, ஆனால் வாடிக்கையாளருக்கு "ரீஃபண்ட் ஆகிவிட்டது" என்று மின்னஞ்சல் போய்விடும். "பத்து நாள் ஆச்சு, வரவேயில்லை" என்று வரும் புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்று, பல கேட்வேக்கள் ரீஃபண்டை உங்களுக்குச் செட்டில் ஆக வேண்டிய பணத்திலிருந்துதான் எடுக்கும். விற்பனை குறைந்த நாளில் அந்த இருப்பு போதாவிட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும் அல்லது தோற்றுவிடும். அழுத்திவிட்டு மூடிவிடாமல், மறுநாள் கேட்வே திரையில் `processed` என்று வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

"5-7 வேலை நாள்"னு தெளிவா சொல்லிட்டோம். அப்புறமும் தினம் போன் பண்றாங்களே?

நீங்கள் ஒரு நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், அவர் வேறொரு நாளிலிருந்து எண்ணுகிறார். கூரியர் பையன் வீட்டுக்கு வந்து பார்சலை வாங்கிக்கொண்டு போனானே, அவருக்கு அன்றைக்கே ஏழு நாள் தொடங்கிவிட்டது. உங்களுக்கோ பார்சல் வந்து, பிரித்துப் பார்த்து, ரீஃபண்ட் போட்ட பிறகுதான் தொடங்குகிறது. நடுவில் ஒரு வாரம் தொலைந்துவிடுகிறது. "வேலை நாள்" என்பதும் அவருக்கு வேறு கணக்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொங்கல் ஜனவரி 15 வியாழனில் வரும் வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் 9-ஆம் தேதி வெள்ளி எடுக்கப்பட்டு, 13 செவ்வாய் கடைக்கு வந்தது. 14 புதன் மாலை ரீஃபண்ட் போட்டீர்கள். 15, 16, 17 பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. முதல் வேலை நாளே 19 திங்கள்தான். 19 முதல் 23 வரை ஐந்து நாள் ஆயிற்று. 24 நான்காவது சனி, வங்கி இல்லை. 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். 27 ஆறாவது, 28 புதன் ஏழாவது வேலை நாள். நீங்கள் சொன்னது ஏழு, ரீஃபண்ட் போட்ட நாளிலிருந்து அவருக்கு ஆனது பதினான்கு, பார்சல் போன நாளிலிருந்து எண்ணினால் பத்தொன்பது. அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே நாள் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். காலண்டரை எடுத்து வைத்து நீங்களே எண்ணி, "ஜனவரி 28 புதனுக்குள்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கார்டு கொடுத்த வங்கி மும்பையில் இருந்து, அங்கே பொங்கலுக்கு விடுமுறை இல்லாமல் பணம் முன்னாடியே வந்தால் சந்தோஷப்படுவார். பிந்திய தேதியைச் சொல்வதில் நஷ்டமில்லை.

மெசேஜ் எத்தனை அனுப்பணும்? என்ன எழுதணும்?

மூன்று. பார்சல் கிளம்பும்போது ஒன்று, கடைக்கு வந்ததும் ஒன்று, ரீஃபண்ட் போட்டதும் ஒன்று. முதலாவதில் பணம் பற்றித் தேதி கொடுக்காதீர்கள், "எங்களிடம் வந்த இரண்டு வேலை நாளுக்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றால் போதும். மூன்றாவதுதான் முழு மெசேஜ்:

"வணக்கம் அக்கா. ஆர்டர் 1184-இல் நீங்கள் திருப்பி அனுப்பிய சேலையைப் பார்த்துவிட்டோம், சரியாக இருக்கிறது. ₹1,620-ஐ நீங்கள் பணம் கட்டிய அதே கார்டுக்கு இன்று (ஜனவரி 14) மாலை 4 மணிக்கு அனுப்பிவிட்டோம். எங்கள் பக்க வேலை முடிந்தது. வங்கி வரவு வைக்க ஜனவரி 28 புதன் வரை ஆகலாம். அதற்குள் வராவிட்டால் இதே எண்ணில் சொல்லுங்கள், வங்கியில் காட்ட ரெஃபரன்ஸ் எண் தருகிறோம்."

தொகை, எங்கே போகிறது, எப்போது போயிற்று, எதற்குள் வரும், வராவிட்டால் என்ன செய்வது. இந்த ஐந்தில் ஒன்று விட்டுப்போனால் அதைக் கேட்டு ஒரு போன் வரும். தொகை அவர் எதிர்பார்ப்பதிலிருந்து மாறினால், ஏன் என்று அந்த மெசேஜிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

சொன்ன தேதி தாண்டிருச்சு, வரலைங்கறாங்க. நாங்க அனுப்பிட்டோம். இப்ப என்ன?

கேட்வே திரையில் அந்த ரீஃபண்டைத் திறந்தால் ரெஃபரன்ஸ் எண் இருக்கும். கார்டுக்கு அது ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண். யுபிஐக்கு ஆர்.ஆர்.என். எனப்படும் 12 இலக்க எண். ரீஃபண்ட் போட்ட அன்றே தெரியாது, ஓரிரு நாள் கழித்து வரும். அதை எழுத்தாக அனுப்பி, "உங்கள் வங்கியின் கஸ்டமர் கேரில் இந்த எண்ணைச் சொல்லி ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்" என்று சொல்லுங்கள். இந்த எண் இல்லாமல் வங்கியில் கேட்டால் "கடையைக் கேளுங்கள்" என்றுதான் பதில் வரும். திரையில் அந்த எண்ணே வரவில்லை என்றால் தவறு உங்கள் பக்கம் அல்லது கேட்வே பக்கம். வாடிக்கையாளரை வங்கிக்கு அலைய விடாமல் கேட்வேக்குப் புகார் போடுங்கள்.

பல சமயம் பணம் வந்திருக்கும், அவர் பார்க்கிற இடம் வேறாக இருக்கும். யுபிஐ ஆப்பில் இரண்டு வங்கிக் கணக்கு இணைத்திருப்பார், கட்டியது ஒன்றிலிருந்து, பார்ப்பது இன்னொன்றில். கிரெடிட் கார்டென்றால் வங்கிக் கணக்கில் தேடுவார். அது கார்டு கணக்கில்தான் வரவாகும், எஸ்எம்எஸ்கூட வராமல் போகலாம். "எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது என்று பழைய எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள், அதே கணக்கின் ஸ்டேட்மெண்ட்டில் இந்தத் தொகையைத் தேடுங்கள்" என்று பொறுமையாகச் சொன்னால் பாதிக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

கிரெடிட் கார்டு பில் வந்துருச்சு, ரீஃபண்ட் வரலை. கட்டணுமா வேண்டாமான்னு எங்களைக் கேக்கறாங்க.

கட்டச் சொல்லுங்கள். கெடு தேதிக்கு முன்னால் வந்து சேர்ந்த ரீஃபண்டை, இன்னும் கட்டாத பாக்கியில் வங்கி கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. ஆனால் வராத பணத்தை நம்பிக் குறைத்துக் கட்டினால் வட்டியும் தாமதக் கட்டணமும் அவர் தலையில் விழும். முழுதாகக் கட்டிய பிறகு ரீஃபண்ட் வந்தால் அது அவர் கார்டில் உபரியாக நிற்கும், எங்கேயும் போய்விடாது.

இஎம்ஐயில் வாங்கியிருந்தால் ரீஃபண்ட் போனாலும் இஎம்ஐ தானாக நிற்கும் என்று உறுதி சொல்லாதீர்கள். வங்கியைக் கூப்பிட்டு அந்த இஎம்ஐயை ரத்து செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். பிராசஸிங் கட்டணமும் அதுவரை போட்ட வட்டியும் பெரும்பாலும் திரும்பாது, அது வங்கிக்கும் அவருக்கும் இடையிலானது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

"பணம் கட் ஆயிருச்சு, ஆர்டர் ஆகலை"ங்கறாங்க. இதுக்கும் நாங்கதான் ரீஃபண்ட் போடணுமா?

முதலில் கேட்வே திரையில் அந்தப் பேமெண்ட் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். `failed` என்றால் பணம் உங்களிடம் வரவேயில்லை, நீங்கள் திருப்ப ஒன்றுமில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு போட்டிருக்கிறது. கடைக்குக் கட்டிய யுபிஐயோ, ஆன்லைனில் பயன்படுத்திய கார்டோ பாதியில் தோற்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் வங்கி தானாகப் பணத்தைத் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு. இது தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு மட்டும். நீங்கள் போடும் ரீஃபண்டுக்கு இந்த ₹100 பொருந்தாது, இரண்டையும் குழப்பி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பேமெண்ட் வெற்றி என்று காட்டுகிறது, ஆர்டர் மட்டும் உங்கள் தளத்தில் உருவாகவில்லை என்றால் அது உங்கள் பணிதான். பொருள் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்டு, ஆர்டரை நீங்களே உருவாக்குங்கள் அல்லது ரீஃபண்ட் போடுங்கள்.

சிஓடியில வாங்கினவங்களுக்கு எதுல திருப்பறது? அவங்க காசா கொடுத்தாங்களே.

வந்த வழியே கிடையாது என்பதால் அவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். யுபிஐ ஐடி, அல்லது கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும். கேட்வேயில் பேஅவுட் லிங்க் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது: அவர் எண்ணுக்கு லிங்க் போகும், கணக்கு விவரத்தை அவரே நிரப்புவார், தட்டச்சுப் பிழை உங்கள் தலையில் விழாது. யுபிஐயில் அனுப்பினால் ஐடியைப் போட்டதும் வரும் பெயர், ஆர்டரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாறினால் "இது உங்கள் வீட்டுக்காரர் கணக்கா?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரீஃபண்ட் என்ற பெயரில் நடக்கும் மோசடி அதிகம் இங்கேதான். உங்கள் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள்: "பணம் வாங்க நீங்கள் க்யூஆர் ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் போடவோ, ஓடிபி சொல்லவோ தேவையில்லை. அப்படி யார் கேட்டாலும் எங்கள் கடை இல்லை." யுபிஐ பின் பணம் அனுப்பத்தான், வாங்குவதற்கு அது ஒருபோதும் வேண்டாம். வயதானவர்களுக்கு இதைப் போனிலும் ஒரு முறை சொல்லுங்கள்.

"அந்தக் கார்டை க்ளோஸ் பண்ணிட்டேன், தம்பி ஜிபேக்கு அனுப்பிடுங்க"ன்னா அனுப்பலாமா?

உடனே அனுப்பாதீர்கள். திருடிய கார்டில் வாங்கிவிட்டு ரீஃபண்டை வேறு கணக்குக்குக் கேட்பது பழைய தந்திரம். ₹3,100-க்கு வாங்கினார், நீங்கள் "தம்பி"க்கு ₹3,100 அனுப்பிவிட்டீர்கள். இரண்டு வாரம் கழித்துக் கார்டின் நிஜச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்வார், சார்ஜ்பேக்காக இன்னொரு ₹3,100 உங்களிடமிருந்து போகும். முதலில் போனது கேட்வே வழியாகப் போகாததால் ரீஃபண்ட் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

நிஜமாகவே கார்டு மாறியிருந்தாலும் பழைய வழியிலேயே போடுங்கள். கார்டு தொலைந்து புது எண் வந்திருந்தால் வங்கி பெரும்பாலும் அதே கணக்கில் சேர்த்துவிடும். கணக்கையே மூடியிருந்தால் பணம் அந்த வங்கிக்குப் போய் நிற்கும் அல்லது திரும்பி வரும். யுபிஐயில் போன் மாறினாலும் ஆப் மாறினாலும் கவலையில்லை, பணம் கணக்கைத்தான் தேடிப் போகும். ரீஃபண்ட் தோற்றதாகவோ திரும்பியதாகவோ கேட்வே திரையில் காட்டிய பிறகுதான் வேறு வழி. அதுவும் பணம் கட்டியவர் பெயரிலேயே உள்ள கணக்குக்கு, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு.

கூப்பன் போட்டு, பாதி கிரெடிட்ல, பாதி கார்டுல வாங்கினாங்க. மூணுல ஒண்ணைத் திருப்பறாங்க. எவ்வளவு, எங்கே?

மேலே மெசேஜில் வந்த ஆர்டர் 1184 இதுதான். ₹1,800, ₹1,200, ₹1,000 என மூன்று துணி, மொத்தம் ₹4,000. பத்து சதவீதக் கூப்பனில் ₹400 குறைந்து ₹3,600. பழைய ஸ்டோர் கிரெடிட் ₹500 போக, கார்டில் கட்டியது ₹3,100. ₹1,800 சேலை திரும்பி வருகிறது. அவர் அந்தச் சேலைக்குக் கொடுத்தது ₹1,800 இல்லை. பத்து சதவீதம் போக ₹1,620. தர வேண்டியதும் அதுவே. ₹400 முழுவதையும் திரும்பி வந்த ஒரு சேலையில் கழித்து ₹1,400 கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படிச் செய்தால் மற்ற இரண்டையும் அவர் முழு விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும்.

எங்கே அனுப்புவது? நான் பின்பற்றுவது: கார்டில் கட்டிய தொகை தீரும்வரை கார்டுக்கு, அதற்கு மேல் மீதம் இருந்தால் கிரெடிட்டுக்கு. ஆகவே ₹1,620 முழுவதும் கார்டுக்கு. "கிரெடிட்டைப் பணமாக்கிக்கொள்வார்களே" என்று ஒரு கடைக்காரர் பயந்தார். அதற்கு வழியில்லை. மூன்றையும் திருப்பினாலும் கார்டுக்குப் போவது ₹3,100-ஐத் தாண்டாது, ₹500 கிரெடிட்டாகத்தான் திரும்பும். விகித முறையில் பிரிக்கும் கடைகளும் இருக்கின்றன, தப்பில்லை. எதுவானாலும் கொள்கைப் பக்கத்தில் எழுதி வைத்து எல்லோருக்கும் ஒன்றாகச் செய்யுங்கள்.

கேட்வே கட்டணம் போச்சே, அதைக் கழிச்சுட்டு அனுப்பலாமா?

கூடாது. பெரும்பாலான கேட்வேக்கள் முதல் பேமெண்டுக்கு எடுத்த கட்டணத்தை ரீஃபண்டில் திருப்பித் தருவதில்லை. 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால் ₹3,100-க்கு ₹73 சொச்சம். அது கடை நடத்தும் செலவு. "ரீட்டர்ன் கூரியருக்கு ₹80 பிடிப்போம்" என்பது போல முன்கூட்டியே சொன்ன தொகை வேறு. மனம் மாறித் திருப்புபவரிடம் அதைப் பிடிக்கலாம், குறையுள்ள பொருளுக்குப் பிடிக்காதீர்கள்.

கிரெடிட் போதும்னு வாங்கிட்டு, ஒரு மாசம் கழிச்சு பணமா கேக்கறாங்க. தரணுமா?

அவர் எழுத்தில் சம்மதித்திருந்தால் கட்டாயமில்லை. ஒரு கடை தன் பொருளை வாங்குவதற்கு மட்டும் கொடுக்கும் கிரெடிட்டை ரொக்கமாக மாற்றித் தரும் வசதி கிடையாது என்பதுதான் பொது அமைப்பு. ஆனால் அவர் வாங்க வந்தபோது உங்களிடம் சரக்கே இல்லை, அல்லது கடையையே மூடப்போகிறீர்கள் என்றால் பணம் கொடுப்பதுதான் முறை. கொடுத்தால், அவர் முதலில் கட்டிய ₹1,620-ஐக் கொடுங்கள், நீங்கள் சேர்த்த ₹100 அதில் வராது. பழைய பேமெண்டின் மேலேயே ரீஃபண்ட் போட முடிகிறதா என்று முதலில் பாருங்கள், பல மாதம் ஆகிவிட்டால் கேட்வே மறுக்கலாம்.

கிரெடிட்டுக்குக் காலாவதி வைப்பதானால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் வையுங்கள். அது அவர் பணம். வூகாமர்ஸில் கிரெடிட்டை வெறும் கூப்பனாகக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ₹1,720 கூப்பனை ₹1,100 ஆர்டருக்குப் போட்டால் மீதி ₹620 காணாமல் போய்விடும். இருப்பு வைத்துக்கொள்ளும் கிரெடிட் அல்லது கிஃப்ட் கார்டு நீட்சியைப் போடுங்கள். அது முடியாவிட்டால், பயன்படுத்திய அன்றே மீதிக்குப் புதுக் கூப்பன் அனுப்புங்கள்.

ரீஃபண்ட் அனுப்பின பிறகும் பேங்க்ல சார்ஜ்பேக் போட்டுட்டாங்க. ரெண்டு தடவை போயிடுமா?

பதில் சொல்லாமல் விட்டால் போய்விடும். பெரும்பாலும் இது கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. எட்டாவது நாள் பயந்துபோய் வங்கிக்குப் போன் செய்திருப்பார். கேட்வே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும், பதில் தரச் சில நாள்தான் இருக்கும், கடைசித் தேதி அதிலேயே இருக்கும். "ரீஃபண்ட் ஏற்கெனவே செய்யப்பட்டது" என்று சொல்லி, ரீஃபண்ட் தேதி, தொகை, ஏ.ஆர்.என். எண், நீங்கள் அனுப்பிய மூன்றாவது மெசேஜின் ஸ்க்ரீன்ஷாட் நான்கையும் இணையுங்கள். தொகை பொருந்தினால் வாதம் எதுவும் வேண்டாம், அந்த எண்ணே போதும்.

கிரெடிட் கொடுத்திருந்தீர்கள் என்றால் நிலைமை கடினம். கார்டுக்குப் பணம் போகாததால் ஏ.ஆர்.என். இருக்காது. உங்களிடம் இருப்பது அவர் "கிரெடிட் ஓகே" என்று எழுதிய பதிலும், பணம் கட்டும் முன் அவர் பார்த்த கொள்கை வரியும் மட்டும்தான். அவை இருந்தால் அனுப்புங்கள். வங்கி எடுக்கும் முடிவு வரும்வரை அந்தக் கிரெடிட்டை முடக்கி வையுங்கள், முடக்கியதை அவரிடமும் சொல்லுங்கள். சார்ஜ்பேக் அவர் பக்கம் தீர்ந்தால் கிரெடிட்டை ரத்து செய்யுங்கள்; உங்கள் பக்கம் தீர்ந்தால் அன்றே திறந்துவிடுங்கள்.